ஒரே விலையில் கேமிங் போனா, வழக்கமான ஃபிளாக்‌ஷிப்பா? நீங்களே அளந்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

75,000 ரூபாய் கையில் இருக்கிறது, கேம் நன்றாக ஓட வேண்டும். கேமிங் போன் என்றே விற்கப்படும் ஒன்றை வாங்குவதா, அதே விலைக்குக் கிடைக்கும் வழக்கமான ஃபிளாக்‌ஷிப்பை வாங்குவதா? இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பாதி, சிப்பின் பெயரையும் பெஞ்ச்மார்க் எண்ணையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. உண்மையான வித்தியாசம் அங்கே இல்லை. உங்கள் கேம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, அதனால் உண்டாகும் சூட்டைப் போனின் உடம்பு எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது, நீங்கள் உட்கார்ந்து ஆடும் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது ஆகிய மூன்றும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு 2023-ல் இந்தியச் சந்தைக்கு வந்த இரண்டு போன்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஆசுஸின் ஆர்ஓஜி போன் 7. மற்றது சாம்சங் கேலக்ஸி எஸ்23. இரண்டின் அறிமுக விலையும் 74,999 ரூபாய். இரண்டிலும் இருப்பது ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2. விலையும் சிப்பும் இப்படி ஒத்துப்போகும் ஜோடி அடிக்கடி கிடைக்காது. அதனால்தான் மாடல் பழையதானாலும் இதையே எடுத்தேன். புதிய மாடல்களுக்கும் இதே முறையில் நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் சிப்பைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

கேமிங் போனில் சிப் வேகமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஜோடியில் நிலைமை தலைகீழ். ஆர்ஓஜி போன் 7-ல் இருக்கும் சிப்பின் முதன்மைக் கோர் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சாம்சங்கிற்கென்று குவால்காம் தனியாகக் கொடுத்த வடிவத்தில் அது 3.36 கிகாஹெர்ட்ஸ். கிராஃபிக்ஸ் பகுதியும் எஸ்23-ல்தான் சற்று அதிக வேகம். ஆக, போனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு நிமிட பெஞ்ச்மார்க் ஓட்டினால் வழக்கமான ஃபிளாக்‌ஷிப் பின்தங்க எந்தக் காரணமும் இல்லை. கேமிங் போனின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது: பத்தாவது நிமிடத்தில், இருபதாவது நிமிடத்தில், அரை மணி நேரத்தில் அந்த வேகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்.

படி 1: உங்கள் கேமின் உச்சவரம்பு என்ன?

எந்தக் கேமும் ஒரு நொடிக்கு இத்தனை ஃபிரேமுக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். பிஜிஎம்ஐ-யில் கிராஃபிக்ஸ் பக்கத்தில் ஃபிரேம் ரேட்டைப் பார்த்தால் தெரியும். `Extreme` என்றால் 60, `Extreme+` என்றால் 90, `Ultra Extreme` என்றால் 120. இதில் எது தெரியும் என்பது போன் மாடலைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு அந்த வசதியைத் திறந்துவிடுவது கேம் நிறுவனம்தான். சிப்புக்குச் சக்தி இருந்தும் பட்டியலில் அந்த மாடல் இல்லை என்றால் கிடைக்காது. அதனால் வாங்க நினைக்கும் மாடலில் உங்கள் கேம் எத்தனை ஃபிரேம் தருகிறது என்பதை, அந்தப் போனை வைத்திருக்கும் ஒருவரிடம் கேம் செட்டிங்கைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

ஆர்ஓஜி போன் 7-ன் திரை 165 ஹெர்ட்ஸ், எஸ்23-ன் திரை 120 ஹெர்ட்ஸ். கேம் 90 ஃபிரேமில் நிற்கிறது என்றால் இந்த 45 ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் வீண். தொடு உணர்வு வேகமும் அப்படித்தான். 720 ஹெர்ட்ஸ் என்றால் 1.4 மில்லிநொடிக்கு ஒருமுறை விரலைப் பார்க்கிறது. 240 ஹெர்ட்ஸ் என்றால் 4.2 மில்லிநொடிக்கு ஒருமுறை. வித்தியாசம் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. உங்கள் பிங் 40-லிருந்து 60-க்குத் தாவும்போது அதைப் போல ஆறேழு மடங்கு தாமதம் வந்துவிடுகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்களில் மிகக் குறைவாக உதவுவது இதுதான் என்பது என் கருத்து.

படி 2: கேம் எத்தனை வாட் இழுக்கிறது?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பேட்டரி சதவீதமும் ஒரு கடிகாரமும் போதும்.

பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணிக்கு மாற்றுங்கள். எம்ஏஎச் எண்ணை ஆயிரத்தால் வகுத்து, சுமார் 3.87-ஆல் பெருக்கினால் வந்துவிடும். எஸ்23-ன் 3,900 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 15 வாட்-மணி. ஆர்ஓஜி போன் 7-ன் 6,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 23 வாட்-மணி. இப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி 80 சதவீதத்தில் இருக்கும்போது கேமைத் தொடங்குங்கள். 100-லிருந்து தொடங்க வேண்டாம், மேல்முனையில் சதவீதக் காட்டி நேர்மையாக இருப்பதில்லை. திரை வெளிச்சத்தைத் தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்துங்கள். பின்னணியில் எதுவும் இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. முப்பது நிமிடம் இடைவிடாமல் ஆடுங்கள். பதினைந்தாவது நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 15 வாட்-மணி பேட்டரி கொண்ட போனில் முதல் பதினைந்து நிமிடத்தில் 80-லிருந்து 70-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் என்றால் 1.5 வாட்-மணி. அதைக் கால் மணி நேரத்தில் செலவழித்ததால் 6 வாட். அடுத்த பதினைந்து நிமிடத்தில் 70-லிருந்து 63-க்கு மட்டும் இறங்கியது. ஏழு சதவீதம், 1.05 வாட்-மணி, அதாவது 4.2 வாட். அதே கேம், அதே வெளிச்சம், அப்படியும் இரண்டாம் பாதியில் செலவு குறைந்திருக்கிறது. போன் சூடு தாங்காமல் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. இரண்டு பாதியிலும் செலவு ஒன்றாகவே இருந்தால், அந்தக் கேம் அந்த அறையில் அந்தப் போனை மிரட்டவில்லை என்று அர்த்தம்.

பழைய போனில் அளந்தால் எண் கொஞ்சம் கூடுதலாக வரும். புதிய சிப் அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கும். பேட்டரி தேய்ந்திருந்தால் கொள்ளளவும் குறைந்திருக்கும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் உங்கள் கேம் மூன்று வாட் வகையா, ஆறு வாட் வகையா என்பது தெரிந்துவிடும். பிஜிஎம்ஐ-யை `Smooth` கிராஃபிக்ஸில் 60 ஃபிரேமில் ஆடுவது லேசான வகை. கென்ஷின் இம்பாக்ட்டை உச்ச கிராஃபிக்ஸில் 60 ஃபிரேமில் ஓட்டுவது கனமான வகை.

படி 3: போனின் உடம்பு எத்தனை வாட்டை வெளியே விடும்?

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகவே முடிகிறது. உள்ளே விசிறி இல்லாத போனுக்கு அந்தச் சூட்டை வெளியேற்ற ஒரே வழி, தன் மேற்பரப்பு வழியாகச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுப்பதுதான். எவ்வளவு கொடுக்க முடியும் என்பது மேற்பரப்பின் அளவையும், போனுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையும் பொறுத்தது. அசையாத காற்றில், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் விடும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

எஸ்23 சுமார் 146 மில்லிமீட்டர் நீளம், 71 மில்லிமீட்டர் அகலம். முன், பின், ஓரங்கள் எல்லாம் சேர்த்து 0.024 சதுர மீட்டர். ஆர்ஓஜி போன் 7 சுமார் 173 நீளம், 77 அகலம். பரப்பு 0.032 சதுர மீட்டர். கையில் பிடிக்க முடியாத அளவுக்குப் போக விடாமல், மேற்பரப்பை 44 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம்.

25 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 19 டிகிரி. எஸ்23 விடக்கூடியது சுமார் 4.6 வாட், ஆர்ஓஜி சுமார் 6 வாட். இப்போது மே மாதத்து மதியம், ஏசி இல்லாத வீடு, அறை 36 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசம் எட்டே டிகிரி. எஸ்23 சுமார் 1.9 வாட், ஆர்ஓஜி சுமார் 2.5 வாட்.

மேற்பரப்பு முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால்தான் இந்த எண்கள் சரி. உண்மையில் சிப் இருக்கும் இடம் அதிகம் சுடும், ஓரம் குறைவாகச் சுடும். அதனால் இரண்டு போனுமே இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் விடும். கை கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒப்பீடு மாறாது. கேமிங் போனுக்கு உடம்பின் அளவால் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அறை 25-லிருந்து 36-க்குப் போவதால் இரண்டு போனுமே இழப்பது பாதிக்கும் மேல். குளிரான அறையில் செய்த ரிவ்யூவைப் பார்த்துவிட்டு வாங்கிய போன் மதுரையில் மே மாதத்தில் ஏன் திணறுகிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. ஏசி அறையில் இருக்கும் எஸ்23, ஏசி இல்லாத அறையில் இருக்கும் ஆர்ஓஜி-யை எளிதாக முந்திவிடும்.

கேமிங் போனுக்கு இன்னும் இரண்டு ஆதாயங்கள் உண்டு. ஒன்று, ஆர்ஓஜி போன் 7-ல் சிப்பை நடுவில் வைத்து, பேட்டரியை 3,000 எம்ஏஎச் வீதம் இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைத்திருக்கிறார்கள். போனைக் கிடையாகப் பிடிக்கும்போது விரல்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், சூடு நடுவில் இருக்கும். இரண்டு, கை சூட்டை உணராததால் எக்ஸ் மோட் என்ற அதன் கேமிங் அமைப்பு மேற்பரப்பை இன்னும் கொஞ்சம் சூடாக விட அனுமதிக்கிறது. நான்கு டிகிரி கூடுதல் என்று எடுத்துக்கொண்டால் 36 டிகிரி அறையில் வித்தியாசம் 8-லிருந்து 12 ஆகிறது. 2.5 வாட் என்றிருந்தது 3.8 வாட் ஆகிறது. எஸ்23-ன் 1.9 வாட்டுடன் ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. ஏசி அறையில் அதே நான்கு டிகிரி கொடுக்கும் ஆதாயம் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே கேமிங் போனின் வலிமை வெளிப்படுவது வெக்கையான அறையில்தான். அந்த அளவில் அது வெறும் விளம்பரமல்ல.

இதையும் பாருங்கள்: ஒரு சாதாரண மேசை விசிறியின் காற்று நேராகப் போனின் முதுகில் பட்டால் அந்த 10 என்ற எண் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 36 டிகிரி அறையில் எஸ்23 விடக்கூடிய 1.9 வாட், கிட்டத்தட்ட 4 வாட் ஆகிறது. கேமிங் போனின் ஆதாயம் முழுவதையும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விசிறி ஈடுகட்டிவிடுகிறது. அதே விசிறியை ஆர்ஓஜி-க்கும் வைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் கேம் நான்கு வாட் வகை என்றால் அதற்கு மேல் கிடைப்பது உங்களுக்குப் பயன்படாது.

படி 4: முதல் பதினைந்து நிமிடத்தை நம்பாதீர்கள்

போன் சூடேற நேரம் எடுக்கும். 168 கிராம் எடையுள்ள எஸ்23-ஐ ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 150 ஜூல் தேவை. 25 டிகிரி அறையில் 6 வாட் கேம் ஓட்டினால், 44 டிகிரியைத் தொட ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஆகும். 239 கிராம் எடையுள்ள ஆர்ஓஜி அந்த 6 வாட்டை அப்படியே வெளியே விடக்கூடியது என்பதால், அரை மணி நேரம் ஆன பிறகும் 44-ஐத் தொடாது. 36 டிகிரி அறையில் எஸ்23-க்கு நான்கைந்து நிமிடமே போதும். கடையில் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான். குளிரூட்டிய கடையில் இரண்டு போனும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றுபோலவே ஓடும்.

நண்பர் ஒருவரிடம் நீங்கள் வாங்க நினைக்கும் போன் இருந்தால், ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். உங்கள் வீட்டில், நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில், கவர் போட்டுத்தான் ஆடுவீர்கள் என்றால் கவரோடு. முதலில் உங்கள் கேமை முப்பது நிமிடம் ஓட்டி ஃபிரேம் எண்ணைக் கவனியுங்கள். ஆர்ஓஜி-யில் கேம் ஜீனி திரையிலேயே ஃபிரேம் எண்ணையும் சூட்டையும் காட்டும். சாம்சங்கில் அந்த நிறுவனத்தின் கேம் பிளகின்ஸ் செயலி வழியாகப் பார்க்கலாம். டெவலப்பர் ஆப்ஷனில் இருக்கும் `Show refresh rate` என்பதை நம்பிவிடாதீர்கள். அது திரை எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதைத்தான் காட்டும், கேம் எத்தனை ஃபிரேம் வரைகிறது என்பதை அல்ல. கேம் 45-க்கு விழுந்திருக்கும்போதும் அது 120 என்று காட்டலாம்.

சராசரியைவிட விழும் கணங்களைப் பாருங்கள். சராசரி 57 என்று வந்து, சண்டை நடக்கும் இடத்தில் 35-க்கு விழுந்தால் ஆடுபவருக்குத் தெரிவது அந்த 35-தான். திரை வெளிச்சம் தானாகக் குறைகிறதா என்பதையும் கவனியுங்கள். பல ஃபிளாக்‌ஷிப்புகள் சூடு ஏறியதும் ஃபிரேமைக் குறைக்கும் முன்பே வெளிச்சத்தைக் குறைக்கின்றன.

கணினியும் அதில் ஆண்ட்ராய்டின் `adb` கருவியும் இருந்தால் போன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதையே கேட்டுவிடலாம். யூஎஸ்பி கேபிளால் இணைத்தால் போன் சார்ஜ் ஆகி, அதுவே சூட்டைக் கூட்டிவிடும். ஆகவே டெவலப்பர் ஆப்ஷனில் `Wireless debugging` வழியாக இணைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள்:

```
adb shell "dumpsys thermalservice | grep -i status"
adb shell "dumpsys battery | grep temperature"
```

முதல் கட்டளை தரும் பதிலில் `Thermal Status` என்ற வரிதான் முக்கியம். 0 என்றால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. 1 என்றால் லேசான கட்டுப்பாடு. 2 என்றால் நடுத்தரம், 3 என்றால் கடுமையானது. முப்பது நிமிடம் முழுக்க 0 அல்லது 1 என்று வந்தால் அந்தப் போன் உங்கள் கேமுக்கும் அறைக்கும் போதுமானது. பத்தாவது நிமிடத்திலேயே 2 அல்லது 3 வந்துவிட்டால், அந்த விலையில் உங்களுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. இரண்டாவது கட்டளை பேட்டரியின் சூட்டைப் பத்து மடங்காகச் சொல்லும். 412 என்றால் 41.2 டிகிரி.

போன் கையில் இல்லாமல் ரிவ்யூவை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் 3டிமார்க்கின் `Wild Life Stress Test` முடிவைத் தேடுங்கள். ஒரே காட்சியை ஒரு நிமிடம் வீதம் இருபது முறை ஓட்டும் சோதனை அது. அதில் எல்லோரும் பார்ப்பது ஸ்டெபிலிட்டி சதவீதத்தை. அது ஏமாற்றும். மிக மோசமான சுற்றை மிகச் சிறந்த சுற்றால் வகுத்து வருவதுதான் அந்த எண். 12,000-ல் தொடங்கி 7,500-க்கு விழும் போனுக்கு 62 சதவீதம் வரும். 8,500-ல் தொடங்கி 7,000-ல் நிற்கும் போனுக்கு 82 சதவீதம் வரும். சதவீதத்தில் இரண்டாவது ஜெயிக்கிறது, ஆனால் கடைசிச் சுற்றிலும் முதல் போன்தான் வேகம். கடைசிச் சுற்றுகளின் மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். சோதித்த அறையின் வெப்பநிலை எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

படி 5: விசிறி யாருடைய பெட்டியில் இருக்கிறது?

கேமிங் போன் விளம்பரங்களில் பின்புறம் ஒரு விசிறி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 74,999 ரூபாய் ஆர்ஓஜி போன் 7-ன் பெட்டியில் அது இல்லை. ஏரோஆக்டிவ் கூலர் 7 என்ற அந்த விசிறி, 99,999 ரூபாய் அல்டிமேட் மாடலோடுதான் வந்தது. விசிறி மாட்டிச் செய்த சோதனையின் எண்ணைப் பார்த்துவிட்டு விசிறி இல்லாத போனை வாங்கினால், நீங்கள் ஒப்பிட்டது வேறு ஒரு பொருளை. உடம்புக்குள்ளேயே விசிறி வைப்பது நூபியாவின் ரெட் மேஜிக் வரிசை; 2019-ல் வந்த ரெட் மேஜிக் 3-லிருந்தே அந்த வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் இங்கே வாரண்டி உண்டா, நம் 5ஜி அலைவரிசைகளுக்கு ஒத்துவருமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வழக்கமான ஃபிளாக்‌ஷிப்புக்கும் வெளியே மாட்டும் பெல்டியர் கூலர் கிடைக்கிறது. ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் சிறிய தகடும் ஒரு விசிறியும் சேர்ந்தது. ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்கே வாங்கலாம். இது சரியாக வேலை செய்ய மூன்று விஷயங்கள் தேவை. போனின் கவரைக் கழற்ற வேண்டும். கூலரை நடுவில் மாட்டிவிட்டு விடாமல், சிப் இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். பெரும்பாலான போன்களில் அது கேமராவை ஒட்டிய மேல்பகுதி. பத்து நிமிடம் ஆடிவிட்டு முதுகைத் தடவினால் எங்கே அதிகம் சுடுகிறது என்று விரலே சொல்லிவிடும். மூன்றாவது, கூலருக்குத் தனிச் சார்ஜர் வேண்டும். அது 10 வாட்டுக்கு மேல் இழுக்கும், போனிலிருந்து அதை எடுக்க முடியாது.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னையில் 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள மாலையில் பனிநிலை சுமார் 26 டிகிரி. கூலரின் தகடு அதற்குக் கீழே குளிர்ந்தால் காற்றிலிருக்கும் நீர் அதன்மேல் படியும். கேம் ஓடும்போது போனின் சூடு தகட்டை மேலேயே வைத்திருக்கும், பிரச்சினை வராது. ஆட்டம் முடிந்த பிறகும் கூலரை ஓடவிட்டால்தான் நீர் கோக்கும். கேமை நிறுத்தியதும் கூலரையும் நிறுத்திவிடுங்கள். முதுகில் ஈரம் தெரிந்தால் துடைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்துச் சார்ஜ் போடுங்கள்.

சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுபவர்களுக்கு இதைவிட முக்கியமானது பைபாஸ் சார்ஜிங். பேட்டரியை நிரப்பாமல், சார்ஜரின் மின்சாரத்தை நேராகப் போனுக்குக் கொடுப்பது. பேட்டரி நிரம்பும்போது உண்டாகும் சூடு இல்லாமல் போகிறது. கேமிங் போன்களில் தொடங்கிய வசதி இது. எஸ்23 காலத்திலேயே சாம்சங்கிலும் வந்துவிட்டது. கேம் பூஸ்டரில் `Pause USB Power Delivery` என்று இருக்கும். பிபிஎஸ் வசதியுள்ள யூஎஸ்பி பிடி வகைச் சார்ஜர் வேண்டும், பேட்டரி 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். பலர் சாம்சங் போன் சார்ஜில் ஆடினால் கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இந்த வசதி இருப்பது தெரியாமல் இருக்கிறார்கள்.

மென்பொருளும் கட்டுப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். 2022 மார்ச்சில், சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் கேம்களின் வேகத்தைக் குறைத்துவிட்டு பெஞ்ச்மார்க் செயலிகளை மட்டும் தொடாமல் விடுவது வெளியே வந்தது. கீக்பெஞ்ச் எஸ்10-லிருந்து எஸ்22 வரையான கேலக்ஸி எஸ் வரிசையைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகுதான் பயனருக்குத் தேர்வு வந்தது. கேம் பூஸ்டரின் லேப்ஸ் பகுதியில் `Alternate game performance management` என்பதை இயக்கினால் அந்தக் கட்டுப்பாடு தளரும். சோதிப்பதற்கு முன் அதை இயக்கிவிட்டுச் சோதியுங்கள்.

படி 6: சூட்டுக்கு அப்பால் கேமிங் போனில் மட்டும் கிடைப்பவை

தோள் பொத்தான்கள் உண்மையான ஆதாயம். ஆர்ஓஜி-யின் ஏர்டிரிக்கரில் ஆள்காட்டி விரல்களால் குறிபார்க்கலாம், சுடலாம்; கட்டைவிரல்கள் நகர்வதற்கும் பார்வையைத் திருப்புவதற்கும் மட்டும் இருக்கும். இரண்டு கட்டைவிரலால் ஆடிப் பழகியவருக்கு இது எந்தச் சிப்பும் தராத முன்னேற்றம். ஏற்கெனவே நான்கு விரல் கிளா முறையில் தேர்ந்தவருக்கு அவ்வளவு பெரிய மாற்றமில்லை. போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் அந்தப் போட்டியின் விதிகளில் டிரிக்கர் அனுமதி உண்டா என்று படித்துவிடுங்கள்.

பக்கவாட்டில் இருக்கும் இரண்டாவது டைப்-சி துளையை எந்த வழக்கமான போனிலும் வாங்கிச் சேர்க்க முடியாது. சார்ஜ் வயர் உள்ளங்கையில் குத்தாமல் கிடையாகப் பிடித்து ஆடுவதற்கு அது பெரிய வசதி. 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையும் இருக்கிறது. ப்ளூடூத் ஒலித் தாமதத்தால் காலடி ஓசையைத் தவறவிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். பேட்டரியில் வித்தியாசம் அப்பட்டமானது. 5 வாட் கேமுக்கு எஸ்23 மூன்று மணி நேரம், ஆர்ஓஜி நாலரை மணி நேரம்.

படி 7: அதற்காக எதை விடுகிறீர்கள்?

எஸ்23-ல் மூன்று மடங்கு டெலிஃபோட்டோ கேமரா உண்டு. ஆர்ஓஜி போன் 7-ல் அது இல்லை, மூன்றாவது கேமரா 5 மெகாபிக்சல் மேக்ரோ. எஸ்23 ஐபி68, தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் தரம். ஆர்ஓஜி ஐபி54, தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். வயர்லெஸ் சார்ஜிங் எஸ்23-ல் உண்டு, ஆர்ஓஜி-யில் இல்லை. சாம்சங் நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாகச் சொன்னது. ஆசுஸ் சொன்னது இரண்டு பதிப்புகள். போனை நான்கு ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் ஃபிரேம் எண்ணைவிடப் பெரியது. 239 கிராம் எடையைச் சட்டைப் பையில் தினமும் சுமப்பதும் கணக்கில் சேரும்.

ஆசுஸே இதை உணர்ந்ததுபோல் 2024 ஜனவரியில் வந்த ஆர்ஓஜி போன் 8-ல் எடையை 225 கிராமாகக் குறைத்து, ஐபி68, வயர்லெஸ் சார்ஜிங், டெலிஃபோட்டோ எல்லாம் சேர்த்தது. பேட்டரி 5,500 எம்ஏஎச் ஆனது. இந்திய விலை 94,999 ரூபாய்க்கு ஏறியது.

ஒரே விலையில் ஒப்பிடும்போது பலர் தவறவிடும் மூன்றாவது வழியும் இருக்கிறது. அதே 2023-ல் அதே 8 ஜென் 2 சிப்போடு ஐக்யூ 11, 59,999 ரூபாய்க்கும், ஒன்பிளஸ் 11, 56,999 ரூபாய்க்கும் வந்தன. இரண்டுமே எஸ்23-ஐவிடப் பெரிய உடம்பு, 5,000 எம்ஏஎச் பேட்டரி. சூட்டை விடும் பரப்பில் ஐக்யூ 11 ஆர்ஓஜி-க்கு அருகிலேயே நிற்கிறது. அதோடு ஒரு நல்ல பெல்டியர் கூலரும் வாங்கினாலும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். தோள் பொத்தான்களும் பக்கவாட்டுத் துளையும் உங்களுக்குத் தேவையில்லை என்றால், 75,000 ரூபாய்க் கேமிங் போனுக்கு நிஜமான போட்டி இந்த வகைதான்.

என் முடிவை வெளிப்படையாகச் சொல்கிறேன். படி 2-ல் உங்கள் கேம் மூன்று நான்கு வாட்டில் வந்து, நீங்கள் விசிறிக் காற்றிலோ ஏசியிலோ ஆடுபவர் என்றால், கேமிங் போன் வாங்கி உங்களால் கண்டுகொள்ளக்கூடிய வேக வித்தியாசம் வராது. வழக்கமான ஃபிளாக்‌ஷிப்பையே வாங்குங்கள், அதிலும் பெரிய உடம்பு உள்ளதை. ஐந்தாறு வாட் இழுக்கும் கேமை வெக்கையான அறையில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தினமும் ஆடுகிறீர்கள், கேமரா பெரிதாகத் தேவையில்லை, இரண்டு மூன்று ஆண்டில் போனை மாற்றிவிடுவீர்கள் என்றால் கேமிங் போன் கொடுத்த பணத்துக்கு வேலை செய்யும். அப்போதும் முதலில் உங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, திரை உடைந்தால் உதிரி வர எத்தனை நாள் ஆகும் என்று நேரில் போய்க் கேளுங்கள். குறைவாக விற்கும் மாடல்களுக்கு உதிரிபாகம் வரக் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.